மைக்ரோவேவ் தட்டு கடகடக்கிறது, நின்று போகிறது: மோட்டாரை மாற்றும் முன் என்ன பார்க்கலாம்?

"20 லிட்டர் மைக்ரோவேவ், வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாகத் தட்டு சுற்றும்போது கடகடவென்று சத்தம். கனமான பாத்திரம் வைத்தால் நின்றே போகிறது, சில சமயம் திடீரென்று எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. சூடு நன்றாகத்தான் ஆகிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?"

நிறையவே இருக்கிறது. அதுவும் நீங்கள் சொன்ன அந்த எதிர்ப்பக்கச் சுழற்சியை வைத்துப் பார்த்தால் மோட்டார்மேல் சந்தேகம் குறைகிறதே தவிர கூடவில்லை.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டைச் சுற்றுவது சிங்க்ரோனஸ் வகையைச் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார். மூன்று, நான்கு வாட் மின்சாரம்தான் எடுக்கும். உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அதன் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைத்து, நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றாக்கி வெளியே தருகின்றன. இந்த வகை மோட்டாருக்கு இன்ன திசையில்தான் கிளம்ப வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மின்சாரம் வரும் அந்தக் கணத்தில் காந்தம் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ அந்தப் பக்கம் கிளம்பும். அதனால் நேற்று இடமாகவும் இன்று வலமாகவும் சுற்றினால் அது கோளாறே இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் திசை மாறினால் அதற்கு வேறு பொருள். தட்டு எதிலோ முட்டுகிறது அல்லது எங்கோ இறுகுகிறது; மோட்டார் அதைத் தள்ளிப் பார்த்து, முடியாமல் மறுபக்கம் கிளம்புகிறது. செத்த மோட்டார் அப்படிச் செய்யாது. ஆக, உங்கள் தட்டை ஏதோ தடுக்கிறது என்பது வரை தெரிந்துவிட்டது. கனம் வைத்தால் நின்றே போவது தனிக் கதையாக இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

தட்டைத் தூக்கினால் கீழே இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, மூன்று சின்னச் சக்கரங்கள் பொருத்திய பிளாஸ்டிக் வளையம். ரோலர் ரிங் என்று கேட்டால் ஸ்பேர்ஸ் கடையில் தெரியும். இன்னொன்று, நடுவில் மூன்று இதழ் மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் துண்டு, கப்ளர். கண்ணாடித் தட்டின் அடியில் நடுவில் சில மேடுகள் இருக்கும். அந்த மேடுகளுக்கு இடையே கப்ளரின் இதழ்கள் உட்கார வேண்டும். தட்டின் எடையும் உணவின் எடையும் முழுக்க ரோலர் ரிங்கின் மூன்று சக்கரங்கள் மேல்தான் இறங்க வேண்டும். கப்ளருக்கு எடை தாங்கும் வேலை இல்லை, தள்ளிச் சுற்றும் வேலை மட்டும்தான். இந்தப் பங்கீடு எங்கே கெடுகிறதோ அங்கேதான் சத்தமும் நிற்பதும் தொடங்குகின்றன.

எதையும் கழற்றும் முன் சத்தத்தைக் கவனியுங்கள். கைப்பிடி உள்ள பீங்கான் கோப்பையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தட்டின் நடுவில் வையுங்கள். காலியாக ஓட்டக் கூடாது என்பதற்காகத்தான் தண்ணீர். பவரை மிகக் குறைவாக வைத்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். பெரும்பாலான மாடல்களில் பவர் குறைவாக இருந்தாலும் தட்டு நிற்காமல் சுற்றும், தண்ணீரும் கொதிக்காது. கைப்பிடி ஒரு முழுச் சுற்று வர எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பரவலாக வரும் மோட்டாருக்கு நிமிடத்துக்கு 5 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 12 விநாடி. பாதி வேகத்தில் ஓடும் மோட்டார்களும் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் கீழே நான் சொல்லும் கணக்கையெல்லாம் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சத்தம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணுங்கள். இது வீண்வேலை மாதிரித் தோன்றும். ஆனால் உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், இடைவெளியே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். ரோலர் ரிங் தட்டோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றுவதில்லை. சக்கரங்கள் கீழே அசையாத தரையிலும் மேலே ஓடும் தட்டிலும் ஒரே நேரத்தில் உருள்வதால், ரிங் தட்டின் பாதி வேகத்தில்தான் நகரும். தட்டுக்கு 12 விநாடி என்றால் ரிங்குக்கு 24.

தரையில் சக்கரம் ஓடும் தடத்தில் ஒரே ஓர் இடத்தில் காய்ந்த கட்டி ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். ரிங் 24 விநாடியில் ஒரு சுற்று வருவதற்குள் மூன்று சக்கரங்களும் அந்தக் கட்டியின் மேல் ஏறி இறங்கும். ஆக 8 விநாடிக்கு ஒரு 'டக்'. தட்டின் அடிப்பக்கத்தில் கட்டி ஒட்டியிருந்தாலும் இதே 8 விநாடிதான். இரண்டையும் பிரிக்கக் கண்ணால் பார்த்தாலே போதும்: தரையில் இருந்தால் தட்டு எப்போதும் மைக்ரோவேவ் அவனுக்குள் ஒரே மூலையில் எகிறும், தட்டில் இருந்தால் எகிறும் இடம் மாறிக்கொண்டே போகும்.

சத்தம் சரியாக 12 விநாடிக்கு ஒருமுறை, அதாவது சுற்றுக்கு ஒருமுறை வந்தால், தட்டோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று சுவரிலோ கதவிலோ உரசுகிறது. பெரும்பாலும் பாத்திரத்தின் கைப்பிடி அல்லது நடுவில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்த தட்டின் விளிம்பு. சதுரமான கண்ணாடிப் பாத்திரம் நாலு மூலையும் முட்டினால் 3 விநாடிக்கு ஒன்று. தட்டு திசை மாறுவதற்கு இந்த உரசல் ரொம்பச் சாதாரணமான காரணம். 20 லிட்டர் அவனில் தட்டே ஏறக்குறைய 25 செ.மீ. தான் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் பெரிய பாத்திரத்தை வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

சத்தம் வேகமாக, ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை 'டப் டப்' என்று வந்தால் அது சக்கரத்தின் வேலை. ஒன்றரை செ.மீ. விட்டமுள்ள சக்கரம் தடத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் பன்னிரண்டு தரமாவது உருண்டுவிடும். அதில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் ஒவ்வொரு உருளலிலும் தட்டும். சக்கரம் உருளாமலே இழுபட்டுப் போனால் இடைவெளி இல்லாமல் 'கர்ர்' என்று அரைக்கும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் கடகடத்தால், தட்டு கப்ளரில் சரியாக உட்காரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். தட்டை வைத்தபின் விளிம்பைப் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தால், மேடு இதழுக்குள் இறங்கும்போது ஒரு சின்ன அமுக்கம் கையில் தெரியும்.

சரி, இனி கழற்றலாம். ப்ளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கன்வெக்ஷன் அல்லது கிரில் ஓட்டியிருந்தால் முழுக்க ஆறட்டும். தட்டையும் ரிங்கையும் எடுத்துவிட்டு, கப்ளரை நேர் மேலாக இழுங்கள். பெரும்பாலும் விரலாலேயே வந்துவிடும். கப்ளர் மாட்டியிருக்கும்போது அதைக் கையால் பலமாகத் திருகிப் பார்க்க வேண்டாம். உள்ளே உள்ள பல்சக்கரங்கள் மோட்டார் பக்கமிருந்து சுற்றப்படுவதற்காகச் செய்தவை. வெளியிலிருந்து முறுக்கினால் பல் உடையும். 'மோட்டார் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறேன்' என்று திருகியே அதைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

கப்ளரை எடுத்தபின், ரிங்கையும் தட்டையும் மட்டும் திரும்ப வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இப்போது மோட்டாருக்கும் தட்டுக்கும் தொடர்பே இல்லை. இப்படிச் சுற்றும்போதும் அதே தட்டலும் இறுக்கமும் இருந்தால் காரணம் சக்கரம், தடம், தட்டு இந்த மூன்றுக்குள்தான். நடுவில் பிடிப்பு இல்லாததால் தட்டு கொஞ்சம் விலகி ஓடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

தடத்தைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பொங்கிய பால், சர்க்கரைப்பாகு, குழம்புச் சொட்டு எல்லாம் சூட்டில் கண்ணாடி மாதிரி இறுகி, பெயின்ட்டின் நிறத்திலேயே இருக்கும். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் இளகிவிடும். கத்தியாலும் கம்பி நாராலும் சுரண்டாதீர்கள். பெயின்ட் போனால் தகடு துருப்பிடிக்கும், அந்த இடத்தில் பொறியும் பறக்கலாம். விரலுக்குத் தட்டுப்படும் மேடு அழுக்காக இல்லாமல் பெயின்ட் உப்பிய கொப்புளமாக இருந்தால் அடியில் துரு தொடங்கிவிட்டது என்று பொருள். துரு தகட்டையே ஓட்டை போட்டிருந்தால் அந்த அவனை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

ரிங்கை வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் ஊறவைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக விரலால் சுழற்றிப் பாருங்கள். மூன்றும் தடையில்லாமல் ஓட வேண்டும். அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருப்பது சகஜம், ஊசியால் எடுக்கலாம். பிறகு ரிங்கை மேசைமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வளையம் எங்காவது தொய்ந்து மேசையைத் தொட்டாலோ ஒரு சக்கரம் சாய்ந்து நின்றாலோ ரிங் சூட்டில் நெளிந்துவிட்டது. நெளிந்ததை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒரு விஷயம்: அச்சில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கதவுக் கீலுக்குச் சரி, இங்கே வேண்டாம். உள்ளே அடிக்கடி சூடாகும்போது சமையல் எண்ணெய் பிசினாகி, கொஞ்ச நாளில் முன்பைவிட மோசமாக இறுக்கும். இந்தச் சக்கரங்கள் உலர்ந்த நிலையில் ஓடுவதற்காகவே செய்தவை.

அடுத்தது கப்ளர். கனம் வைத்தால் நின்று போகிறது என்றீர்களே, அதில் இதற்குத்தான் என் முதல் சந்தேகம். கவிழ்த்து, அடியில் உள்ள துளையைப் பாருங்கள். மோட்டாரின் தண்டு முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில D எழுத்து மாதிரி வெட்டியிருக்கும். துளையும் அதே வடிவில் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஓடி அந்தத் தட்டைப் பக்கம் தேய்ந்து வட்டமாகிவிட்டால், கோப்பைத் தண்ணீர் மாதிரி லேசான எடைக்குத் தட்டு சுற்றும். ஒரு கிலோ பிரியாணி வைத்தால் தண்டு மட்டும் துளைக்குள் வழுக்கிச் சுற்ற, தட்டு நிற்கும். தண்டைச் சுற்றி வெள்ளைப் பொடி மாதிரிப் பிளாஸ்டிக் தூள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். இதழ்களில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கப்ளரைத் தண்டில் மாட்டி விரலால் லேசாக அசைத்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. பிடிமானமே இல்லாமல் சுற்றி வந்தால் அது முடிந்துவிட்டது. பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்: ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது, பசை வழிந்து தண்டு நுழையும் ஓட்டைக்குள்ளும் போகும்.

கப்ளர் மலிவான பொருள்தான், ஆனால் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் பல அளவுகளில் வருகிறது. தண்டின் தடிமன், D துளையின் அளவு, இதழ்களின் அகலம், எல்லாவற்றுக்கும் மேல் உயரம். பழையதைக் கையோடு எடுத்துப்போய் அருகில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் என்றால் அவனின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு தேடுங்கள். கன்வெக்ஷன் மாடலாக இருந்தால் அதற்கென்று வரும் சூடு தாங்கும் கப்ளரும் ரிங்கும்தான் வேண்டும். சாதாரண மைக்ரோவேவுக்கான பிளாஸ்டிக் 200 டிகிரியில் உருகி நெளியும்.

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு என் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடையதும் 20 லிட்டர்தான். கிட்டத்தட்ட உங்கள் புகாரேதான்: தட்டல், கனம் வைத்தால் நிற்பது. எண்ணிப் பார்த்தோம், தட்டல் 8 விநாடிக்கு ஒருமுறை, எப்போதும் பின் இடது மூலையில் தட்டு எகிறியது. தடவியபோது அந்த மூலையில் வெல்லப்பாகு மிளகு அளவுக்கு இறுகிப்போயிருந்தது. ஊறவைத்துத் துடைத்ததும் தட்டல் போயிற்று. ஆனால் குக்கர் பாத்திரம் அளவுக்கு எடை வைத்தால் தட்டு இன்னும் நின்றது. கப்ளரின் துளை வட்டமாகியிருந்தது. நியாயம்தான்: பல மாதங்களாக ஒவ்வொரு 8 விநாடிக்கும் அந்தக் கட்டி மேல் தட்டை ஏற்றித் தள்ளியது அதுதானே. கடையில் பொருத்தமாகத் தெரிந்த ஒன்றை வாங்கி மாட்டினார். தட்டு நிற்காமல் சுற்றியது, ஆனால் இப்போது புதிதாக ஓர் ஆட்டம், முன்னும் பின்னும் சாய்ந்து சாய்ந்து கடகடத்தது.

இதற்கு ஒரு காகிதச் சோதனை இருக்கிறது. மெல்லிய காகிதத்தைக் கீற்றாக நறுக்கி, தட்டுக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் காகிதம் பிடிபட வேண்டும். நண்பர் வீட்டில் ஒரு சக்கரத்தில்தான் பிடித்தது; மற்ற இரண்டிலும் தாராளமாக வழுக்கி வந்தது. புது கப்ளர் ஓரிரு மில்லிமீட்டர் உயரம் கூட. தட்டு சக்கரங்களில் உட்காராமல் கப்ளரின் உச்சியில் நின்று தள்ளாடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் மொத்த எடையும் மோட்டார் தண்டில் இறங்கி, நல்ல மோட்டாரும் போயிருக்கும். சரியான உயரத்தில் மாற்றியதும் காகிதம் மூன்று இடத்திலும் பிடித்தது, ஆட்டம் நின்றது. கப்ளர் உயரம் குறைவாக இருந்தால் இதற்கு நேர்மாறு: தட்டு சக்கரத்தில் நன்றாக உட்காரும், ஆனால் இதழ்கள் மேடுகளை எட்டாமல் அடியில் வெறுமனே சுற்றும்.

வெளியே அவன் நிற்கும் மேடையையும் ஒருமுறை பாருங்கள். நாலு கால்களில் ஒன்று விழுந்திருந்தாலோ கடப்பா கல் சமமாக இல்லாவிட்டாலோ பெட்டியே அதிரும். மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்தினால் தெரிந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் தட்டு நிற்கிறது என்றால்தான் மோட்டார் பக்கம் போக வேண்டும். தட்டையும் ரிங்கையும் எடுத்துவிட்டு, கப்ளரை மட்டும் விட்டு, தண்ணீர்க் கோப்பையைக் கப்ளரில் படாமல் ஓர் ஓரமாக வைத்து, குறைந்த பவரில் பத்துப் பதினைந்து விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். கப்ளர் சீராகச் சுற்றினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. விட்டு விட்டு, ஒரே இடத்தில் 'டிக்' என்று துள்ளிச் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கலாம். அசையவே இல்லை, ஆனால் விளக்கும் மின்விசிறியும் வேலை செய்கின்றன என்றால் மோட்டாரோ அதற்குப் போகும் வயரோ போய்விட்டது. தண்டு நுழையும் ஓட்டை வழியாகப் பால் இறங்கி மோட்டார் துருப்பிடிப்பது அடிக்கடி நடப்பது. தண்டைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கும்.

மோட்டாரை மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். வெளி மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். உள்ளே உள்ள கெபாசிட்டரில் ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். பல மாடல்களில் இந்த மோட்டாரைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் தகட்டைத் திறந்தே மாற்றிவிடலாம், மெக்கானிக்குக்கு அது தெரிந்திருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பழைய மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் வேகமும் புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும். 220–240 வோல்ட்டில் ஓடுபவையும் உண்டு, 21 வோல்ட்டில் ஓடுபவையும் உண்டு, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாறிப் போனால் ஒன்று உடனே எரியும், இல்லையென்றால் சுற்றவே சுற்றாது. தண்டின் நீளமும் பழையதைப் போலவே இருக்கட்டும். நீளம் மாறினால் அந்தக் காகிதச் சோதனை மறுபடி தோற்கும்.

அதுவரை அவனை ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். தட்டு சுற்றாததால் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சூடு சீராக இருக்காது. இதில் ஓடும் அலையின் நீளம் 12 செ.மீ. சொச்சம். அது சுவர்களில் பட்டுத் திரும்பும்போது, சுமார் 6 செ.மீ. இடைவெளியில் சூடான இடமும் நடுவே ஆறிய இடமும் உண்டாகின்றன. தட்டு சுற்றினால்தான் உணவு இந்த இரண்டையும் மாறி மாறிக் கடக்கும். சுற்றாதபோது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பாத்திரத்தைக் கால்வாசி திருப்பி, உணவைக் கிளறிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கறி, மீன், சாதம் எல்லாம் நடுவிலும் ஆவி பறக்கச் சூடானதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள். தட்டு தடுக்கப்பட்டு மோட்டார் முட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் மட்டும், தடுப்பது எது என்று கண்டுபிடிக்கும்வரை ஓட்டாதீர்கள்.